எந்த உடுப்புக்குக் குழாய் நீர் போதும், எந்த உடுப்புக்குச் சுடுநீர் வேண்டும்?

நலன்புரி நிலையத்திலிருந்து வீடு திரும்பிய முதல் இரண்டு நாட்களில் எல்லா வீடுகளிலும் ஒரே காட்சிதான். முற்றத்தில் சேற்று உடுப்பு ஒரு குவியல். நிலையத்திலிருந்து கொண்டுவந்த போர்வையும் உடுப்பும் இன்னொரு குவியல். காஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. சில வீடுகளில் எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு அவிக்கிறார்கள், நான்கு நாளில் சமைக்கக் காஸ் இல்லை. வேறு சில வீடுகளில் எதையும் சூடாக்குவதில்லை, பிள்ளையின் சிரங்கு இரண்டு கிழமையில் திரும்பி வந்துவிடுகிறது. இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கே இந்தப் பாடம்.

மருதானை, தெமட்டகொடை, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். களனி கங்கை பெருகினால் வாய்க்கால்களும் நிரம்புகின்றன. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் இந்தப் பக்கத்தின் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின.

குழாய் நீர் ஏன் பெரும்பாலும் போதும்

அழுக்கை எடுப்பது சூடு அல்ல. சவர்க்காரம், தேய்ப்பு, அலசல் ஆகிய மூன்றும்தான். சவர்க்காரம் அழுக்கைத் துணியிலிருந்து பிரிக்கிறது, தேய்ப்பு அதைக் கிளப்புகிறது, அலசும் நீர் அதைக் கொண்டுபோகிறது. கிருமிகளில் பெரும்பகுதியும் அழுக்கோடு சேர்ந்தே போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குளிர் நாடுகளில் குழாய் நீர் பனி போலக் குளிர்ந்திருக்கும். அங்கே எழுதப்படும் ஆலோசனைகள் அந்த நீரை நினைத்தே எழுதப்படுகின்றன. கொழும்பில் குழாயிலிருந்து வரும் நீர் ஏறத்தாழ 28 பாகை இருக்கும். உடுப்பின் உள்பக்கச் சிட்டையில் 30 என்று போட்டிருந்தால், அந்த உடுப்புக்கு நம் குழாய் நீரே சரியான நீர். சவர்க்காரத் தூள் கரைவதற்கும் அது போதும்.

ஆகவே வியர்வை, தூசு, சாதாரணச் சேறு, பாடசாலைச் சீருடை, அன்றாடம் உடுத்தும் சாரம், சட்டை, சேலை ஆகியவற்றுக்குத் தண்ணீரைச் சூடாக்கத் தேவையில்லை.

சில கறைகளுக்குச் சூடு கெடுதலும் செய்யும். இரத்தம், பால், முட்டை, வாந்தி ஆகியவற்றில் புரதம் இருக்கிறது. முட்டை சூட்டில் இறுகுவதுபோல இவையும் சுடுநீர் பட்டதும் நூலோடு இறுகிப் பிடிக்கும், பிறகு போகாது. இப்படிப்பட்ட கறையைக் குழாய் நீரில் பல தடவை அலசி, கறை போன பின்புதான் தேவையானால் சுடுநீருக்குக் கொண்டுபோக வேண்டும். சேற்றுக்கும் முதலில் குழாய் நீர்தான். சேறு கரைந்து வடிந்து நீர் தெளியும்வரை சவர்க்காரம்கூடப் போடாதீர்கள். சேற்றோடு போடும் சவர்க்காரம் வீண்.

சுடுநீர் உண்மையில் தேவைப்படும் இடங்கள்

தண்ணீரைச் சூடாக்க இரண்டு காரணங்கள் மட்டுமே உண்டு. ஒன்று, எண்ணெய்ப் பசையை இளக்குவது. மற்றது, துணியில் உயிரோடு இருக்கும் ஒன்றைக் கொல்வது. இந்த இரண்டுக்கும் வேண்டிய சூடு ஒன்றல்ல. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

எண்ணெய்க்கு இளஞ்சூடு, அதாவது 40 பாகை அளவு போதும். பஞ்சிகாவத்தை வாகனக் கடைகளில் வேலை செய்பவரின் காற்சட்டை, வெள்ளத்தில் மிதந்த எண்ணெய் படிந்த உடுப்பு போன்றவை இதில் சேரும். காய்ந்த துணியில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறைமேல் தடவி, கால் மணித்தியாலம் விட்டு, இளஞ்சூட்டு நீரில் தேய்த்து அலசுங்கள். மண்ணெண்ணெய், டீசல் மணம் வீசும் உடுப்பை முதலில் வெளியே காற்றில் தொங்கவிடுங்கள். மணம் குறையும்வரை அதை அடுப்புக்குக் கிட்டக் கொண்டுவரக் கூடாது.

உயிருள்ளதைக் கொல்ல இளஞ்சூடு உதவாது. கையை வைத்திருக்கக்கூடிய சூட்டில் சிரங்குப் பூச்சி சாகாது. அந்தப் பூச்சியையும் அதன் முட்டையையும் கொல்ல 50 பாகைக்கு மேலான சூட்டில் துணி குறைந்தது 10 நிமிடம் இருக்க வேண்டும். மூட்டைப்பூச்சிக்கும், வயிற்றோட்டமோ வாந்தியோ உள்ளவரின் துணிக்கும் 60 பாகை வேண்டும். இந்தச் சூட்டில் கையை வைக்கவே முடியாது. கைக்கு இதமான நீரில் தோய்த்துவிட்டு, சுடுநீரில் தோய்த்தேன் என்று நினைத்தால் காஸும் வீண், பூச்சியும் பிழைத்துவிடும்.

சலவை இயந்திரம் உள்ளவர்கள் ஒன்றைச் சரிபாருங்கள். மேலே திறக்கும் பல இயந்திரங்களுக்கு உள்ளே நீரைச் சூடாக்கும் வசதி இல்லை. அவை வெளியே உள்ள சுடுநீர்க் குழாயிலிருந்துதான் சுடுநீரை எடுக்கும். உங்கள் வீட்டில் ஒரே ஒரு குழாய் மட்டும் பொருத்தியிருந்தால், சுடுநீர்ப் பொத்தானை அழுத்தினாலும் உள்ளே வருவது குழாய் நீர்தான்.

வெப்பமானி இல்லாமல் சூட்டை அளப்பது

கொழும்பில் கொதிக்கும் நீர் 100 பாகை, குழாய் நீர் ஏறத்தாழ 28 பாகை. இவை இரண்டையும் அளந்து கலந்தால் வேண்டிய சூடு கிடைக்கும்.

எண்ணெய்ப் பசைக்கு: ஒரு பங்கு கொதிநீர், ஐந்து பங்கு குழாய் நீர். ஏறத்தாழ 40 பாகை.

பூச்சிக்கும் நோயாளியின் துணிக்கும்: ஒரு பங்கு கொதிநீர், ஒரு பங்கு குழாய் நீர். ஏறத்தாழ 64 பாகை. வாளியும் துணியும் கொஞ்சச் சூட்டை எடுத்துக்கொண்டாலும் 60 பாகைக்குக் கிட்ட நிற்கும்.

வாளியில் முதலில் 5 லீற்றர் குழாய் நீரை ஊற்றி, அதன்மேல் 5 லீற்றர் கொதிநீரை மெதுவாக ஊற்றுங்கள். இந்த ஒழுங்கில் ஊற்றினால் வாளி உருகாது, நீரும் தெறிக்காது. சவர்க்காரத் தூளைக் கரைத்து, துணியைத் தடியால் அமிழ்த்துங்கள். துணி முழுவதும் நீருக்குள் இருக்க வேண்டும், தடியால் கிண்டினால் அசைய வேண்டும். ஒரு பெட்சீட், இரண்டு தலையணை உறை, ஒரு துவாய் என்பது ஒரு வாளிக்குச் சரியான அளவு. மூடியால் மூடி 20 நிமிடம் விடுங்கள். அதன் பின் நீர் ஆறியதும் கையால் தேய்த்து, குழாய் நீரில் அலசலாம்.

துணியைக் காய்ந்தபடி போடுவது மிக முக்கியம். நீர் சொட்டச் சொட்ட ஈரத் துணியைப் போட்டால் அதில் உள்ள நான்கைந்து லீற்றர் குளிர் நீரும் வாளிக்குள் சேரும். அப்போது சூடு 50 பாகைக்குக் கிட்ட இறங்கிவிடும். முதலில் அலச வேண்டிய துணியென்றால் இருவர் பிடித்து முறுக்கி, இனிச் சொட்டாது என்ற நிலையில் போடுங்கள்.

5 லீற்றர் நீரை மூடிய பாத்திரத்தில் கொதிக்க வைக்க ஏறத்தாழ 65 கிராம் காஸ் செலவாகும். ஒரு வாளிக்கு அது பெரிய செலவல்ல. பதினைந்து வாளிக்கு ஒரு கிலோ காஸ் போய்விடும்.

கொதிநீரைத் தூக்கும்போது பிள்ளைகளை வீட்டின் மறுபக்கம் அனுப்பிவிடுங்கள். வாளியை நடக்கும் வழியில் வைக்காதீர்கள். கொதிநீர் பட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் பிடியுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூச வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, பட்டவர் சிறு பிள்ளையாக இருந்தாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை.

சூடாக்காமலே கொல்லும் இரண்டு வழிகள்

முதலாவது வழி காத்திருப்பது. சிரங்குப் பூச்சி மனிதத் தோலை விட்டு வெளியே வந்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைப்பது அரிது. ஆகவே இப்போது தேவைப்படாத போர்வை, தடித்த உடுப்பு, பிள்ளையின் துணிப் பொம்மை ஆகியவற்றைக் காய்ந்த நிலையில் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பையில் திகதியை எழுதி ஏழு நாள் ஒதுக்கி வைத்தால் போதும். அதன் பிறகு குழாய் நீரில் தோய்க்கலாம். மூட்டைப்பூச்சிக்கு இந்த வழி சரிவராது, அது இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் இருக்கும். மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் அடையாளம். அந்த உறைகளுக்குச் சுடுநீரே வேண்டும்.

இரண்டாவது வழி குளோரின் கரைசல். இது நோயாளியின் துணிக்கும், மலநீர் கலந்த வெள்ளத்தில் நனைந்த துணிக்கும் ஏற்றது. கடையில் வாங்கும் திரவத்தின் போத்தலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 10 லீற்றர் குழாய் நீருக்கு 100 மில்லிலீற்றர் போதும். முதலில் துணியைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து அலசுங்கள். அழுக்கோடு போட்டால் குளோரினின் பலத்தை அழுக்கே தின்றுவிடும். பிறகு கரைசலில் 30 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள். குளோரினைச் சுடுநீரில் விடக் கூடாது. பலமும் குறையும், ஆவியும் மூக்கைத் தாக்கும். கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சுவாயு வரும். கடும் நிறத் துணி வெளிறிவிடும். பட்டும் கம்பளியும் பழுதாகும்.

ஒரு குடும்பத்தின் குவியல்

இங்கே சொல்லப்படும் குடும்பம் பல குடும்பங்களின் நிலையைச் சேர்த்து எழுதியது. தெமட்டகொடை வாய்க்காலுக்குக் கிட்ட வீடு. அம்மா, அப்பா, அம்மம்மா, இரண்டு பிள்ளைகள். பாடசாலையில் இயங்கிய நிலையத்தில் ஒன்பது நாள் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். சின்னவனுக்கு விரலிடுக்கிலும் இடுப்பிலும் சிறு பருக்கள், இரவில் தாங்க முடியாத கடி. வைத்தியர் சிரங்கு என்று சொல்லி, ஐந்து பேருக்கும் பூச்சு மருந்து கொடுத்தார். அம்மா உடுப்பை நான்காகப் பிரித்தார்.

முதலாவது, அலுமாரியின் மேல்தட்டில் வெள்ளம் தொடாமல் காய்ந்திருந்த உடுப்பு. அதற்கு ஒரு வேலையும் இல்லை. மருந்து பூசிய பின் உடுத்துவதற்கு அதுவே மிக நல்ல உடுப்பு.

இரண்டாவது, கீழ்த்தட்டில் சேற்றில் நனைந்த உடுப்பு. கையில் சின்னக் காயம் இருந்ததால் இறப்பர்க் கையுறை போட்டுக்கொண்டார். எலிக்காய்ச்சல் கிருமி வெள்ள நீரிலிருந்து காயத்தின் வழியாக உள்ளே போகும். நீர் தெளியும்வரை அலசி, சவர்க்காரம் போட்டுத் தோய்த்தார். வெள்ளைத் துணிகளையும் பிள்ளைகளின் உள்ளாடைகளையும் குளோரின் கரைசலில் 30 நிமிடம் வைத்தார். சாயம் போகக்கூடிய சில துணிகளை நன்றாக முறுக்கி ஒரு வாளி சுடுநீரில் போட்டார். பிறகு எல்லாவற்றையும் வெயிலில் முழுதாகக் காயவிட்டார். வெள்ளத்துக்குப் பின் இந்த முதல் தோய்ப்புக்கு மட்டுமே இத்தனை வேலை. அடுத்த தடவையிலிருந்து அவையும் சாதாரண உடுப்புத்தான், குழாய் நீர் போதும்.

மூன்றாவது, அப்பாவின் கிரீஸ் படிந்த வேலை உடுப்பு. அதற்கு ஒரு லீற்றர் கொதிநீரும் ஐந்து லீற்றர் குழாய் நீரும் போதுமாக இருந்தன.

நான்காவது, மருந்து பூசுவதற்கு முந்திய மூன்று நாட்களில் ஐந்து பேரும் உடுத்திய உடுப்பும், படுத்த பெட்சீட்டும், துடைத்த துவாயும். சிரங்குக்காக அவர் கவலைப்பட வேண்டியிருந்தது இந்தக் குவியலுக்கு மட்டுமே. அன்றிரவு கட்டாயம் வேண்டிய பெட்சீட், தலையணை உறை, துவாய் ஆகியவற்றை இரண்டு வாளிச் சுடுநீரில் போட்டார். நிலையத்தில் கிடைத்த போர்வைகளையும் மிச்ச உடுப்புகளையும் இரண்டு பைகளில் கட்டி, திகதி எழுதி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

அன்றிரவு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மருந்து பூசி, காய்ந்த உடுப்பை உடுத்து, தோய்த்த பெட்சீட்டில் படுத்தார்கள். பூச்சிக்கும் வெள்ளத் துணிக்குமாகக் கொதிக்க வைத்தது மூன்று வாளிக்கு 15 லீற்றர், ஏறத்தாழ 200 கிராம் காஸ். எல்லா உடுப்பையும் சுடுநீரில் போட்டிருந்தால் அதைப்போல நான்கு ஐந்து மடங்கு போயிருக்கும். சிரங்கு அதனால் சீக்கிரம் மாறியிருக்கவும் மாட்டாது.

எங்கே தவறுகிறது, எப்படி அறிவது

சிரங்கு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தோய்ப்பு காரணமல்ல. கடி உள்ள பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசி, மற்றவர்கள் விட்டுவிடுவதுதான் காரணம். கடி தொடங்குவதற்குச் சில கிழமைக்கு முன்பே பூச்சி தோலில் இருக்கலாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது பெரும்பாலும் தோலோடு தோல் பட்டே பரவுகிறது. மருந்து பூசாமல் பெட்சீட்டை மட்டும் அவிப்பதில் பயனில்லை. மருந்தைத் திரும்பப் பூசச் சொல்லியிருந்தால் அந்த நாளையும் தவறவிட வேண்டாம். அன்றைக்கும் பெட்சீட்டையும் துவாயையும் சுடுநீரில் போடுங்கள்.

மருந்து வேலை செய்த பின்னும் இரண்டு முதல் நான்கு கிழமைவரை கடி இருக்கலாம். செத்த பூச்சியின் மிச்சம் தோலுக்குள் இருப்பதால் அப்படி. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி வீட்டில் உள்ளதையெல்லாம் அவிக்க வேண்டாம். பழைய இடத்தில் கடி குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருங்கள். புதிய பருவோ மெல்லிய கோடோ புதிய இடத்தில் தோன்றினால், அல்லது நான்கு கிழமை கடந்தும் கடி குறையாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ வைத்தியசாலைக்கோ போங்கள்.

வெள்ளத் துணியைத் தோய்த்தவருக்கோ சேற்றில் நின்றவருக்கோ அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால், வெள்ள நீரில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை நேரத்தோடு கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.

காய்ந்த துணியில் புளித்த மணம் வந்தால் அது சூடு போதாததால் அல்ல. ஈரத்தில் குவித்து வைத்ததாலோ சவர்க்காரம் சரியாக அலசப்படாததாலோ வந்தது. மறுபடி குழாய் நீரில் தோய்த்து, நீர் வழுவழுப்பு இல்லாமல் வரும்வரை அலசி, அன்றே காயவிடுங்கள். மழை நாளென்றால் ஒரேயடியாக எல்லாவற்றையும் நனைக்காமல், வீட்டுக்குள் கொடி கட்டிக் காயவிடக்கூடிய அளவை மட்டும் தோயுங்கள்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா? இதில் பூச்சியோ, நோயாளியின் மலமோ வாந்தியோ, வெள்ளத்தின் மலநீரோ பட்டிருக்கிறதா? பட்டிருந்தால் ஏழு நாள் பையோ குளோரின் கரைசலோ இதற்குப் போதுமா? முதல் இரண்டுக்கும் இல்லை என்றால், அல்லது மூன்றாவதுக்கு ஆம் என்றால், குழாயைத் திறந்தால் போதும். காஸைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.